41 சென்டம் எங்கிருந்து வந்தது? ஒரு டியூஷன் சென்டர் நோட்டீஸைத் திருத்திய அனுபவம்

சாத்தூரில் பிளஸ் டூ கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுக்கும் ஒரு டியூஷன் சென்டரை என் பழைய மாணவர் நடத்தி வருகிறார். 2025 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, புது வருஷ அட்மிஷனுக்கான நோட்டீஸை டிசைன் செய்து எடுத்து வந்தார். மூன்று மடிப்பு, ஆர்ட் பேப்பர், மல்டிகலர். மறுநாள் சிவகாசி பிரஸ்ஸுக்குப் போக வேண்டியது. "டீச்சர், எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க" என்றார். நான் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எழுத்தைவிட எண்கள்தான் முதலில் கண்ணில் பட்டன.

அட்டையில் பெரிய எழுத்தில் மூன்று வரிகள். "100% தேர்ச்சி", "41 சென்டம்", "மாவட்டத்தில் முதலிடம்". உள்ளே பதினோரு பிள்ளைகளின் போட்டோ. கட்டணம் என்ற இடத்தில் "விவரங்களுக்கு நேரில் அணுகவும்". நேரம் என்ற இடத்தில் "காலை, மாலை பேட்சுகள் உண்டு". கடைசி மடிப்பில் "சில இடங்களே உள்ளன, முந்துங்கள்".

இந்த மாதிரி நோட்டீஸ் ஜூன் மாதம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வந்து விழும். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் வேலை பார்க்கிற பெற்றோர் அதை நம்பித்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அதனால் பிழை திருத்தத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டையும் கட்டண நோட்டையும் எடுத்து வரச் சொன்னேன். நோட்டீஸில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் இந்த இரண்டில் ஒன்றில் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

முதலில் 41 சென்டம். எந்த வருஷம் என்று கேட்டேன். மூன்று வருஷமும் சேர்த்து என்றார். நோட்டீஸில் அது இல்லை. 2025 மட்டும் என்றால் 17. அந்தப் பதினேழும் எந்தப் பாடம் என்று பார்த்தால் எட்டு சென்டம் வேதியியலிலும் கம்ப்யூட்டர் சயின்ஸிலும் வந்தவை. இவர்கள் அந்தப் பாடங்களை நடத்துவதே இல்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியர் வாங்கிக் கொடுத்த சென்டம் அது. மீதி ஒன்பது. அதில் கணிதம் ஏழு, இயற்பியல் இரண்டு. அடுத்து அந்தப் பெயர்களை வருகைப் பதிவேட்டில் தேடினோம். அந்த ஒன்பதில் மூன்று சென்டம், ஜனவரியில் டெஸ்ட் பேட்சுக்கு மட்டும் வந்த பிள்ளைகளுடையவை. வருஷம் முழுக்க வேறு இடத்தில் படித்துவிட்டு, கடைசியில் இங்கே மாதிரித் தேர்வு மட்டும் எழுதிப் பார்த்தவர்கள். அவர்களையும் கழித்தால் நிற்பது 6. அந்த ஆறும் ஐந்து பிள்ளைகளுடையது. ஒரு பெண் இரண்டு பாடத்திலும் சென்டம்.

அவருக்கு முகம் சுருங்கிப் போனது. "எல்லா சென்டரும் இப்படித்தான் டீச்சர் போடுறாங்க. நான் ஆறுன்னு போட்டா யார் வருவாங்க?" என்றார். அவர் பொய் சொல்ல நினைத்து இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் அனுப்பிய மார்க் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து, நூறு தெரிந்த இடத்தையெல்லாம் கூட்டியிருக்கிறார். ஆனால் நோட்டீஸை வாசிக்கிற அம்மாவுக்கு அந்தக் கூட்டல் தெரியாது. போன வருஷம் இங்கே படித்து 41 பேர் நூறு எடுத்தார்கள் என்றுதான் அவர் புரிந்துகொள்வார்.

சென்டம் ஆறா நாற்பத்தொன்றா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, எத்தனை பேரில் ஆறு என்பது. அந்த எண் நோட்டீஸில் எங்கேயுமே இல்லை. முந்நூறு பேரில் ஆறு சென்டம் வேறு, அறுபது பேரில் ஆறு வேறு. பதிவேட்டின்படி 2024 ஜூனில் சேர்ந்தவர்கள் 62 பேர். மார்ச் தேர்வு வரை இருந்தவர்கள் 55 பேர். அந்த 55 பேரின் கணித மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதி வகைப்படுத்தினோம். 90க்கு மேல் 18 பேர், 70 முதல் 89 வரை 21 பேர், 50 முதல் 69 வரை 12 பேர், 50க்குக் கீழே 4 பேர். எழுதி முடித்ததும் நான் அவரிடம் சொன்னது இதுதான்: உன் சென்டரின் உண்மையான பலம் இந்தத் தாளில் இருக்கிறது, அட்டையில் இல்லை. 55 பேரில் 39 பேர் 70க்கு மேல். அறுபதிலும் எழுபதிலும் தடுமாறுகிற பிள்ளையின் தாய்க்கு வேண்டிய தகவல் இதுதான். சென்டம் எடுக்கிற பிள்ளை எங்கே படித்தாலும் எடுக்கும் என்பது அந்தத் தாய்க்கும் தெரியும்.

அடுத்தது 100 சதவீதத் தேர்ச்சி. 55 பேரும் பாஸ், அதில் பொய் இல்லை. ஆனால் 2025இல் மாநிலம் முழுவதற்குமான பிளஸ் டூ தேர்ச்சியே 95.03 சதவீதம். தேர்ச்சி விகிதத்தில் பல வருஷம் முன்னணியில் இருந்த விருதுநகர் மாவட்டத்தில் பாஸ் செய்ய வைத்தோம் என்பது பெரிய சாதனையாக நிற்காது. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்து, மொத்தம் 35 வந்துவிட்டால் பாஸ். செய்முறையும் அகமதிப்பீடும் பள்ளியில் நடப்பவை. அதில் டியூஷனின் பங்கு ஒன்றும் இல்லை.

இதைவிடக் கனமான விஷயம், இடையில் நின்றுபோன ஏழு பேர். இரண்டு குடும்பங்கள் ஊர் மாறிப் போய்விட்டன. ஐந்து பேர் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நின்றவர்கள். அந்த ஐந்து பேரின் அரையாண்டு மதிப்பெண்ணும் 40க்குக் கீழே. "நானா அனுப்பல டீச்சர், அவங்களாத்தான் நின்னுட்டாங்க" என்றார். அவர்களின் ரிசல்ட் தெரியுமா என்று கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து போன் போட்டார். மூன்று பேர் பாஸ், இரண்டு பேர் கணக்கில் தவறியிருந்தார்கள். ஆக, ஜூனில் சேர்ந்தவர்களைக் கொண்டு கணக்குப் போட்டால் 100 சதவீதம் வராது. பல இடங்களில் இந்த நூறு இப்படித்தான் உருவாகிறது. சுமாராகப் படிக்கிற பிள்ளை ஜனவரியில் பட்டியலிலிருந்து கழன்றுவிடுகிறது, மிச்சம் இருப்பவர்களை வைத்து சதவீதம் போடப்படுகிறது. எந்த டியூஷன் நோட்டீஸிலும் நூறு சதவீதத்தைப் பார்த்தால் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, ஜூனில் எத்தனை பேர், மார்ச்சில் எத்தனை பேர் என்பது. இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிற இடத்தை நான் நம்புவேன்.

"மாவட்டத்தில் முதலிடம்" என்ற வரியைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. 2017 முதல் தமிழக அரசு பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அரசு யாரையும் அறிவிப்பதில்லை. அப்படியிருக்க 591 எடுத்த பெண்தான் மாவட்ட முதலிடம் என்று யார் சொன்னது? உள்ளூர் வாட்ஸ்அப் குழுவில் வந்ததாம். அடித்தேன்.

போட்டோக்களில்தான் சட்டம் நேராக வந்து நின்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. 50 பேருக்கு மேல் படிக்கிற மையங்களுக்கு அது பொருந்தும். டியூஷனும் அதில் அடக்கம். வெற்றி பெற்ற மாணவரின் படத்தைப் போட்டால், அவர் எந்தக் கோர்ஸ் படித்தார், எவ்வளவு காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதைப் படத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தைப் போட எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அதுவும் ரிசல்ட் வந்த பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அட்மிஷன் படிவத்தில் ஜூன் மாதமே ஒரு வரியைச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது செல்லாது. டெல்லியில் சில ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களுக்கு இந்த ஆணையம் அபராதம் போட்டது இதே மாதிரிக் காரணத்துக்காகத்தான். ஜெயித்தவர்களில் பலர் அங்கே வந்தது கடைசி நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும். விளம்பரத்தில் அது தெரியாதபடி படங்களை அடுக்கியிருந்தார்கள். சாத்தூரில் டெஸ்ட் பேட்சுக்கு மட்டும் வந்த பிள்ளையின் படத்தைப் போடுவதும் அதே காரியம்தான்.

பதினோரு படங்களில் நான்கு முந்தைய வருஷங்களுடையவை. மூன்று டெஸ்ட் பேட்ச் பிள்ளைகளுடையவை. மீதி நான்கு பேரின் வீட்டுக்கும் அவரையே நேரில் போகச் சொன்னேன். மூன்று வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். 591 எடுத்த பெண்ணின் அப்பா மட்டும், பெண் பிள்ளை போட்டோ ஊரெல்லாம் கிடக்க வேண்டாம் என்றுவிட்டார். நோட்டீஸ் காகிதம் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னது நியாயம். அந்தப் படம் எடுக்கப்பட்டது. நின்ற மூன்று படங்களுக்குக் கீழே "கணிதம், இயற்பியல், முழு ஆண்டு வகுப்பு, 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை, கட்டணம் செலுத்திப் படித்தவர்" என்று பெயர் எழுதிய அதே அளவு எழுத்தில் வந்தது. டிசைனர் அதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார். அதையும் மாற்றச் சொன்னேன், ஏனென்றால் இந்த மாதிரி விளக்க வரிகள் மற்ற முக்கியமான விவரங்களின் எழுத்தளவிலேயே இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

பிறகு கட்டணம். ஏன் போடவில்லை என்றதற்கு இரண்டு காரணம் சொன்னார். எதிர்த் தெரு சென்டர் பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைப்பார்கள் என்பது ஒன்று. கஷ்டப்படுகிறவர்களுக்கு ஆள் பார்த்துக் குறைத்துக் கொடுப்பேன், அச்சில் போட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் "நேரில் அணுகவும்" என்ற வரி வேலைக்குப் போகிற ஒரு தாயை என்ன செய்கிறது என்று யோசிக்கச் சொன்னேன். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, தொகை தாங்காது என்று தெரிந்தாலும் பிள்ளைக்கு எதிரில் எழுந்து போக மனசு வராது. கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள்.

அவர் வாயால் சொன்ன கட்டணம் பாடத்துக்கு மாதம் 1,300 ரூபாய். இரண்டு பாடத்துக்கு 2,600, ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம், 26,000 ரூபாய். கேட்கிற யாரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். கட்டண நோட்டைப் புரட்டினால் இன்னும் இருந்தது. சேர்க்கைக் கட்டணம் 500. நோட்ஸ் பாடத்துக்கு 900 வீதம் 1,800. ஜனவரியில் டெஸ்ட் சீரிஸ் 1,500. மே மாத விடுமுறை வகுப்புக்குத் தனியாக 2,000. எல்லாம் கூட்டினால் 31,800. அதாவது வாயால் சொன்ன கணக்கைவிட 5,800 ரூபாய் அதிகம்.

மொத்தத் தொகையைப் போலவே, எந்த மாதம் எவ்வளவு என்பதும் வீட்டுக்காரர்களுக்கு முக்கியம். ஜூனில் மாதக் கட்டணம், சேர்க்கை, நோட்ஸ் எல்லாம் சேர்ந்து 4,900 கேட்கும். பள்ளிக்கூடம் திறந்து நோட்டும் யூனிஃபார்மும் வாங்குகிற மாதம் அது. ஜனவரியில் 4,100. அது பொங்கல் மாதம். எங்கள் பக்கம் வாரக் கூலியில் ஓடுகிற வீடுகள் அதிகம். முன்கூட்டித் தெரிந்தால் சீட்டுப் போட்டாவது சேர்த்து வைப்பார்கள். திடீரென்று கேட்டால் வட்டிக்குத்தான் போவார்கள். அதனால் நோட்டீஸில் மொத்தத் தொகையைப் பெரிதாகவும், அதற்குக் கீழே எந்த மாதம் என்ன கட்ட வேண்டும் என்பதையும் போட்டோம். விடுமுறை வகுப்பு கட்டாயமில்லை என்று தனி வரி. நோட்ஸ் வாங்குவது கட்டாயமா என்று கேட்டதும் சற்று யோசித்து, அக்காவின் நோட்ஸ் வீட்டில் இருந்தால் வாங்க வேண்டாம் என்று அவரே சொன்னார். அதையும் எழுதினோம். கட்டணச் சலுகைக்கும் ஒரு வரி வைத்தோம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், மற்றவர்கள் தனியாகப் பேசலாம் என்று. அவர் ரகசியமாகச் செய்துவந்த நல்ல காரியம், கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இனித் தெரியும்.

நடுவில் நின்றால் பணம் என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் முறையே இல்லை. கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், முழுப் பணமும் கட்டிவிட்டு இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், கோர்ஸ் நடக்கும்போது கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்று இருக்கிறது. அதைப் பார்த்து இவரும் அப்படியே ஒப்புக்கொண்டார். இன்னொன்றும் கேட்டேன். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீதம். இந்த வருஷம் அதைத் தொடுமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள், ஆனால் நோட்டீஸில் போடுகிற தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் பெற்றோர் கட்டக் கூடாது என்றேன். "வரி உட்பட" என்று சேர்த்தார்.

நேரத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. "காலை, மாலை பேட்சுகள் உண்டு" என்றால் எத்தனை மணி, எந்தெந்த நாள், எந்தப் பாடம், எத்தனை பேர் என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொன்னேன். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், இரண்டு பேட்ச். மாலை 5.30 முதல் 7 வரை முதல் வகுப்பு, 7 முதல் 8.30 வரை இரண்டாவது. ஒரு பேட்சுக்குக் கணிதம் நடக்கும்போது இன்னொன்றுக்கு இயற்பியல், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இதோடு, பள்ளியில் சிறப்பு வகுப்பு உள்ளவர்களுக்காக 6.15க்கு மூன்றாவது பேட்ச் ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பதாக இருந்தார். கட்டத்தில் எழுதியதும் தெரிந்துவிட்டது, 6.15க்கு இரண்டு ஆசிரியரும் ஏற்கெனவே வகுப்பில் இருக்கிறார்கள். அந்தப் பேட்சுக்கு ஆளும் இல்லை, அறையும் இல்லை. நடைமுறையில் அந்தப் பிள்ளைகளை ஏற்கெனவே உள்ள வகுப்பில் பாதியில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பார்கள்.

இயற்பியல் ஆசிரியர் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்து சேரவே 5.45 ஆகும். ஆக 5.30 வகுப்பு எந்த நாளும் 5.30க்குத் தொடங்கியதில்லை. மறுமுனையில், கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குக் கடைசி டவுன் பஸ் 8.20க்கு. வகுப்பு முடிவதோ 8.30. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் தினமும் கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் சிலர் அந்தக் காரணத்தாலேயே சேராமல் போயிருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் அவரே யோசித்துச் சொன்னார்.

முதல் வகுப்பு 5.45 முதல் 6.50, இரண்டாவது 6.50 முதல் 7.55 என்று மாற்றினோம். ஒன்றரை மணி நேரம் 65 நிமிஷம் ஆனது அவருக்கு வருத்தம். தாமதத்தையும் ஓட்டத்தையும் கழித்தால் முன்பும் பலருக்குக் கிடைத்தது ஏறக்குறைய இவ்வளவுதான். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, சனிக்கிழமை டெஸ்ட், ஞாயிறு விடுமுறை. காலை பேட்ச் என்று ஒன்று நடந்ததே இல்லை, ஆள் சேர்ந்தால் பார்க்கலாம் என்று போட்டு வைத்திருக்கிறார். அதை எடுத்துவிட்டோம். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் ஒரே பேட்சில்தான், விளக்கம் தமிழில் இருக்கும் என்பதையும் எழுதினோம். இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு திண்டாடுகிற பிள்ளைகள் உண்டு.

"ஒரு பேட்சில் 20 பேர் மட்டுமே, தனிக்கவனம்" என்ற வரி மிச்சம் இருந்தது. 62 பேர், இரண்டு பேட்ச். எப்படி வகுத்தாலும் 31 வரும். அறையில் 32 பேருக்கு பெஞ்ச் இருக்கிறது. "பேட்சுக்கு 32 பேர், மொத்தம் 64 இடங்கள்" என்று போட்டதும் "சில இடங்களே உள்ளன" என்பதற்கு வேலை இல்லாமல் போனது. பொய்யான அவசரம் காட்டிச் சேர்ப்பதையும் 2024 விதிகள் தடுக்கின்றன.

"ஃபெயில் ஆன மாணவரையும் 90 எடுக்க வைப்போம், உத்தரவாதம்" என்ற வரியை மட்டும் விட மனமில்லாமல் நெடுநேரம் வாதாடினார். போன வருஷம் காலாண்டில் 28 எடுத்த ஒரு பையன் பொதுத் தேர்வில் 81 எடுத்தது அவர் உழைப்பு, அதில் எனக்கும் பெருமை. ஆனால் அதே வகுப்பில் 50க்குக் கீழே முடித்த நான்கு பேரும் இருக்கிறார்கள். உத்தரவாதம் என்று எழுதினால் அந்த நான்கு வீட்டுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். விலைக்கு வாங்கிய சேவையில் விளம்பரம் ஏமாற்றியது என்று 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் யாரும் புகார் சொல்லலாம். அந்த இடத்தில், வாரத் தேர்வில் 50க்குக் கீழே வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை டெஸ்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் மறுபடி நடத்தப்படும், அதற்குக் கட்டணம் இல்லை என்று வந்தது. அவர் ஏற்கெனவே செய்கிற வேலை அது. இதுவரை எந்த நோட்டீஸிலும் போட்டதில்லை.

அட்டைக்கு அந்த மதிப்பெண் பட்டியலே போனது, ஜூனில் 62, மார்ச்சில் 55 என்பதோடு சேர்த்து. தவறிய இருவரைப் பற்றியும் எழுத வேண்டுமா என்று கேட்டார். சேர்ந்தவர்களும் எழுதியவர்களும் எத்தனை பேர் என்று இருக்கிறது, யாராவது கேட்டால் மறைக்காமல் சொல் என்றேன். சிவகாசிக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் போனது. கடைசி மடிப்பில், முகவரிக்கு மேலே, "இந்தக் கட்டணமும் நேரமும் 2026 மார்ச் வரை மாறாது" என்ற வரியை அவரே சேர்த்திருந்தார்.